குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கையைச் சம்பளப் பட்டியலுக்கான அட்டவணையாக மாற்றுவது

கேள்வி: "சேலத்தில் ஒரு கான்ட்ராக்டரிடம் சம்பளப் பட்டியல் போடுகிறேன். டவுனில் ஒரு கட்டட வேலை, ஏற்காட்டில் ஒரு ரிசார்ட்டுக்கு ஆள் கொடுக்கிறோம். அரசாங்கத்தின் குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கை பிடிஎஃப்பாக இருக்கிறது. அதில் இருக்கிற பதவி, அடிப்படை, டி.ஏ., ஸ்கில்டு, அன்ஸ்கில்டு எல்லாவற்றையும் ஒரே எக்ஸெல் அட்டவணையில் எப்படிக் கொண்டுவருவது? அப்படியே தட்டச்சு செய்தால் போதுமா?"

போதாது. அறிவிக்கையில் கட்டம் போட்டு அச்சிட்டிருப்பது பாதி விஷயம்தான். மீதிப் பாதி அந்தக் கட்டத்துக்குக் கீழே 'குறிப்புகள்' என்ற பெயரில் சின்ன எழுத்தில் இருக்கும். சம்பளம் குறைந்து போகிற இடங்களில் பெரும்பாலானவை அந்தக் குறிப்புகளைப் படிக்காததால் வருபவை. அதனால் பிடிஎஃப்பைத் திறந்ததும் கட்டத்துக்குப் போகாமல் நேரே கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். சேலம் பக்கம் ஒப்பந்ததாரர்களுக்குச் சம்பளக் கணக்கும் தொழிலாளர் துறைப் பதிவேடுகளும் பார்த்து வருகிறவன் நான், வழக்கறிஞர் இல்லை. சட்டத்தில் இருப்பதை அப்படியே சொல்கிறேன், என் வழக்கம் எது என்பதைத் தனியாகச் சொல்கிறேன்.

முதலில் கையில் இருக்கும் தாள் சரியான தாள்தானா என்று பாருங்கள். குறைந்தபட்ச ஊதியத்தை அரசு பெரும்பாலும் இரண்டு கட்டமாக வெளியிடும். முதலில் வரைவு, அதற்கு ஆட்சேபணை, கருத்து தெரிவிக்கக் குறைந்தது இரண்டு மாதம் அவகாசம். அதன் பிறகு இறுதி அறிவிக்கை. இரண்டும் அரசிதழில் வரும், இரண்டிலும் ஒரே மாதிரி கட்டம் இருக்கும், தொகைகூட சில சமயம் ஒன்றாகவே இருக்கும். வாட்ஸ்அப்பில் சுற்றி வருகிற பிடிஎஃப் பல நேரம் வரைவாகத்தான் இருக்கிறது. 'ஆட்சேபணைகள் வரவேற்கப்படுகின்றன' என்ற பொருளில் ஒரு வாக்கியம் இருந்தால் அது வரைவு, எடுத்து வைத்துவிடுங்கள். இறுதி அறிவிக்கையில் அது எந்த நாளில் இருந்து நடைமுறைக்கு வருகிறது என்றும் இருக்கும். அரசாணையின் தேதி வேறு, அரசிதழில் வெளியான தேதி வேறு, நடைமுறைத் தேதி வேறு. உங்கள் அட்டவணைக்கு வேண்டியது மூன்றாவது.

அடுத்தது எந்தத் தொழிலுக்கான அறிவிக்கை என்பது. தமிழ்நாட்டில் தொழில்வாரியாகத் தனித்தனி அறிவிக்கை. சாலை, கட்டடப் பணிக்கு ஒன்று, ஓட்டல் உணவகங்களுக்கு ஒன்று, கடைகள் நிறுவனங்களுக்கு ஒன்று. நம்ம ஊர் ஜவ்வரிசி ஆலைக்குக்கூடத் தனியாக உண்டு. 'நாங்கள் மேன்பவர் கான்ட்ராக்டர்' என்பதால் உங்களுக்கென்று ஒரு அறிவிக்கை கிடையாது. ஆள் எங்கே என்ன வேலை செய்கிறாரோ அந்தத் தொழிலின் அறிவிக்கைதான். ஆக உங்கள் டவுன் கட்டடத்துக்கும் ஏற்காட்டு ரிசார்ட்டுக்கும் குறைந்தது இரண்டு அறிவிக்கைகள் வேண்டும். ரிசார்ட்டில் அறை சுத்தம் செய்பவர், சமையலறை உதவியாளர் எல்லாம் ஓட்டல் அறிவிக்கையில் வருவார்கள் என்பதில் பெரிய குழப்பம் இல்லை. அதே ரிசார்ட்டில் சரிந்த தடுப்புச் சுவரைக் கட்டுகிற கொத்தனார் கட்டடப் பணி அறிவிக்கையில் வருவார். ஆண்டு முழுக்க அங்கேயே இருந்து தோட்டமும் பார்த்து, ஓட்டை உடைசலும் சரிசெய்கிறவர் எதில் வருவார் என்பதுதான் சிக்கல். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாளைக்கு உங்கள் முதலாளி ரயில்வேயிலோ மேக்னசைட் சுரங்கத்திலோ வேலை எடுத்தால், மாநில அறிவிக்கையை மூடி வைத்துவிடுங்கள். அவை மத்திய அரசின் வரம்பில் வருபவை. அங்கே 2017 ஜனவரி 19 தேதியிட்ட மத்திய அறிவிக்கைகளின் அடிப்படை ஊதியமும், தலைமைத் தொழிலாளர் ஆணையர் ஏப்ரல் 1, அக்டோபர் 1 என்று ஆண்டுக்கு இரண்டு முறை மாற்றுகிற அகவிலைப்படியும்தான் வீதம். கட்டமைப்பே வேறு: அன்ஸ்கில்டு, செமி ஸ்கில்டு, ஸ்கில்டு, ஹைலி ஸ்கில்டு என்று நான்கு வரிசை, கட்டடப் பணி போன்றவற்றில் 'ஏ', 'பி', 'சி' என்று மூன்று பகுதி, சுரங்கத்தில் தரைக்கு மேல், தரைக்குக் கீழ் என்று இரண்டு பிரிவு.

அட்டவணையின் வடிவத்துக்கு வருவோம். அச்சில் இருக்கும் கட்டத்தின் உருவத்தையே எக்ஸெல்லில் வரையாதீர்கள். ஒரு பதவி, ஒரு மண்டலம், ஒரு காலம்: இதற்கு ஒரு வரிசை. அச்சில் மூன்று மண்டலம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் உங்களிடம் அது கீழே கீழே மூன்று வரிசையாக வரும். நான் வைத்திருக்கும் தலைப்புகள் இவை:

```
notif,employment,zone,post_as_printed,skill,basic,base_index,rate_per_point,divisor,from_date,to_date,page
```

இதில் கவனிக்க வேண்டியது, அகவிலைப்படித் தொகைக்கு இதில் இடமே இல்லை. அது எழுதி வைக்கிற எண் இல்லை, கணக்கிடுகிற எண். அறிவிக்கையில் இருந்து எடுப்பது கணக்குக்கு வேண்டிய மூலங்களை மட்டும். அதே போல பக்க எண்ணுக்கு ஒரு இடம் இருக்கிறது. ஆய்வாளர் வந்து 'இந்தத் தொகை எங்கிருந்து வந்தது' என்று கேட்டால் பக்கத்தைத் திறந்து காட்டுவதற்கு அது.

பிடிஎஃப்பில் இருந்து எண்களை எடுப்பதில் ஒரு குறிப்பிட்ட தவறு திரும்பத் திரும்ப வருகிறது. தமிழ்நாட்டு அறிவிக்கைகளில் பதவிகள் கூட்டமாக வரும். ஐந்து பதவிப் பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டு, வலதுபக்கம் ஐந்துக்கும் சேர்த்து ஒரே பெரிய கட்டத்தில் ஒரே தொகையை நடுவில் அச்சிட்டிருப்பார்கள். ஓ.சி.ஆர். போட்டாலோ காப்பி பேஸ்ட் செய்தாலோ அந்தத் தொகை மூன்றாவது பெயருக்கு எதிரே போய் உட்காரும். மற்ற நான்கும் காலி. உடனே நம்ம ஆட்கள் எக்ஸெல்லில் 'ஃபில் டவுன்' கொடுப்பார்கள். அது மேலே இருக்கும் எண்ணைக் கீழே இறக்கும். நான்காவது, ஐந்தாவது பதவிகளுக்குச் சரியான தொகை வந்துவிடும். முதல் இரண்டு பதவிகளுக்கோ மேலே உள்ள முந்தைய கூட்டத்தின் தொகை வந்து ஒட்டிக்கொள்ளும். காலிக் கட்டம் எதுவும் இல்லை, எல்லாம் நிரம்பி அழகாகத் தெரியும். யாருக்கும் சந்தேகம் வராது. இதைத் தவிர்க்க ஒரே வழி, எண்ணை எடுப்பதற்கு முன் அச்சுத் தாளில் கோடுகளைப் பார்த்து ஒவ்வொரு கூட்டத்துக்கும் பென்சிலில் ஒரு எண் போட்டுவிடுவது. ஒன்றாம் கூட்டம் இத்தனை பதவி, இரண்டாம் கூட்டம் இத்தனை பதவி என்று. எக்ஸெல்லில் நிரப்பிய பிறகு ஒவ்வொரு தொகைக்கும் எத்தனை வரிசை வந்திருக்கிறது என்று பிவட் போட்டுப் பாருங்கள். பென்சில் எண்ணிக்கையோடு பொருந்தவில்லை என்றால் எல்லைக் கோடு நழுவியிருக்கிறது. ஒரு கூட்டம் பக்கம் திரும்பும் இடத்தில் இரண்டாக வெட்டுப்பட்டிருந்தால் இன்னும் கவனம் வேண்டும்; அடுத்த பக்கத்தில் தொகையே இருக்காது.

எண் பெரிதா சிறிதா என்று பார்த்துத் தவறு பிடிக்கலாம் என்பார்கள். ஓரளவுக்குத்தான் அது உதவும். மேலே சொன்ன மத்திய அறிவிக்கையில் கட்டடப் பணிக்கான அடிப்படை நாள் ஊதியத்தைப் பாருங்கள். அன்ஸ்கில்டுக்கு 523, 437, 350. செமி ஸ்கில்டுக்கு 579, 494, 410. ஸ்கில்டுக்கு 637, 579, 494. ஹைலி ஸ்கில்டுக்கு 693, 637, 579. ஒவ்வொன்றும் ஏ, பி, சி பகுதி வரிசையில். 579 என்ற எண் மூன்று இடத்தில் வருகிறது: ஏ பகுதி செமி ஸ்கில்டு, பி பகுதி ஸ்கில்டு, சி பகுதி ஹைலி ஸ்கில்டு. 494, 637 இரண்டும் அப்படியே குறுக்கே இரண்டிரண்டு தடவை. இந்தக் கட்டத்தில் ஒரு வரிசையும் ஒரு பகுதியும் சேர்ந்து நழுவினால் அதே எண்ணே வந்து நிற்கும், அல்லது கட்டத்தில் வேறெங்கோ இருக்கும் ஒரு நியாயமான எண் வரும். எண்ணைப் பார்த்து இது தப்பு என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் ஒருவர் அச்சுத் தாளில் இருந்து பதவி, பகுதி, தொகை மூன்றையும் சத்தமாகப் படிக்க, இன்னொருவர் திரையில் சரிபார்க்கிற பழைய முறையை நான் விடவில்லை.

இப்போது ஸ்கில்டு, அன்ஸ்கில்டு விவகாரம். நீங்கள் எடுத்திருக்கும் மாநில அறிவிக்கையில் அந்தச் சொற்களே இல்லாமல் போகலாம். பல மாநில அறிவிக்கைகள் பதவிப் பெயரையும் தொகையையும் மட்டுமே தரும். சிலவற்றில் வகுப்பு ஒன்று, இரண்டு என்று இருக்கும். அப்படி இருந்தால் `skill` என்ற இடத்தைக் காலியாக விடுங்கள். தொகை அதிகம், எனவே ஸ்கில்டாகத்தான் இருக்கும் என்று நீங்களாக எழுதிவிட்டால், அடுத்த வருடம் உங்கள் இடத்துக்கு வருகிறவர் அதை அரசாங்கம் சொன்னதாக நினைத்துக்கொள்வார். அறிவிக்கையில் இருக்கும் பதவிப் பெயரை எழுத்து மாறாமல் `post_as_printed` இல் போடுங்கள். உங்கள் மஸ்டரில் இருக்கும் பெயர்களுக்கு, அதாவது கொத்தனார், சித்தாள், சென்ட்ரிங் ஆள், கம்பி கட்டுகிறவர், ஹெல்ப்பர் என்பவற்றுக்கு, தனி ஷீட் ஒன்று வைத்து எது எதற்கு இணை என்று அங்கே எழுதுங்கள். இந்த இணைப்பு உங்கள் முடிவு. அதில் யார் முடிவு செய்தார், எந்தத் தேதியில் என்பதையும் எழுதி வையுங்கள்.

'ஹெல்ப்பர்' என்ற பெயர்தான் இதில் எப்போதும் வம்பு. மஸ்டரில் எல்லோரும் ஹெல்ப்பர். களத்தில் போய்ப் பார்த்தால் ஒருவர் கம்பி வளைத்துக் கட்டிக்கொண்டிருப்பார், இன்னொருவர் மணல் சுமப்பார். பதவியைத் தீர்மானிப்பது மஸ்டரில் இருக்கும் பெயர் இல்லை, செய்கிற வேலை. ஒரே ஆள் இரண்டு வகை வேலை செய்தால், ஒவ்வொரு வேலைக்கும் செலவான நேரத்துக்கு அந்தந்த வீதம் கொடுக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு சொன்னது. அதற்குப் பதிலாக வந்த 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பின் 11-ஆம் பிரிவிலும் அது இருக்கிறது. நடைமுறையில் கட்டடத் தளத்தில் மணிக்கணக்காக யார் எழுதுகிறார்கள்? என் வழக்கம், அன்றைக்கு அந்த ஆள் செய்த வேலைகளில் உயர்ந்த வீதம் எதுவோ அதையே முழு நாளுக்கும் போடுவது. இதற்காக மஸ்டரில் ஆளுக்கு ஒரு பதவி என்று இல்லாமல் நாளுக்கு ஒரு பதவி குறிக்க இடம் விடச் சொல்லுங்கள். அப்புறம், கட்டடத் தளத்தில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்று பேசுவது இன்னும் இருக்கிறது. உங்கள் அட்டவணையில் ஆண், பெண் என்ற தலைப்பே வரக்கூடாது. ஒரே வேலைக்கு ஒரே வீதம். அறிவிக்கைக் குறிப்புகளிலேயே அது எழுதியிருக்கும்.

அகவிலைப்படிக்கு வருவோம். தமிழ்நாட்டு அறிவிக்கைகளில் குறிப்புகளின் முதல் பத்தி பெரும்பாலும் இதுதான். சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டு எண் இவ்வளவு புள்ளி இருந்ததை மூலமாகக் கொண்டு, அதற்கு மேல் ஏறுகிற ஒவ்வொரு புள்ளிக்கும் மாதம் இவ்வளவு ரூபாய் என்று இருக்கும். ஒவ்வொரு ஏப்ரல் 1 அன்றும், முந்தைய ஜனவரி முதல் டிசம்பர் வரையான பன்னிரண்டு மாதச் சராசரியை எடுத்துக் கணக்கிட வேண்டும் என்றும் இருக்கும். கணக்கு புரிவதற்காக உருட்டிய எண்களை வைத்துச் சொல்கிறேன். இவை எந்த அறிவிக்கையிலும் உள்ளவை அல்ல. அடிப்படை 9,000. மூலக் குறியீடு 150. புள்ளிக்கு 40 ரூபாய். இந்த வருடச் சராசரி 175. ஏறியது 25 புள்ளி, அகவிலைப்படி 1,000, மொத்தம் 10,000. எக்ஸெல்லில் DA என்ற தனி ஷீட்டில் A-இல் ஏப்ரல் 1 தேதியையும் B-இல் அந்தத் தேதிக்கு உரிய சராசரியையும், வருடத்துக்கு ஒரு வரிசையாக மேலிருந்து கீழே வைத்து, இந்தச் சூத்திரங்களைப் போடுங்கள்:

```
M2: =MAX(0,LOOKUP(J2,DA!$A$2:$A$50,DA!$B$2:$B$50)-G2)*H2
N2: =ROUNDUP((F2+M2)/I2,2)
```

அடுத்த வருடம் சராசரி 181 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறியது 31 புள்ளி, அகவிலைப்படி 1,240, மொத்தம் 10,240. இங்கேதான் ஒரு பிழை நடக்கிறது. போன வருடச் சராசரியையே புதிய மூலமாக எடுத்து, ஆறு புள்ளிக்கு 240 என்று கணக்கிட்டு, அதை 9,000-த்தோடு சேர்த்து 9,240 என்று முடித்துவிடுவார்கள். ஆளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் போய்விடும். மூலக் குறியீடு அடுத்த அறிவிக்கை வரும்வரை மாறாது. இதைக் கண்டுபிடிப்பது சுலபம்: ஏப்ரல் மாதச் சம்பளம் மார்ச்சைவிடக் குறைந்திருந்தால், குறியீடு இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்காமல் சம்பளம் மட்டும் இறங்கியிருந்தால் இந்தத் தவறுதான்.

குறியீட்டில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. 2020 செப்டம்பர் மாதக் குறியீட்டில் இருந்து 2016-ஐ 100 என்று வைத்த புதிய வரிசை வெளியாகிறது. அதற்கு முன் 2001 = 100. உங்கள் அறிவிக்கை பழைய வரிசையில் மூலக் குறியீடு சொல்லியிருந்தால், இன்று வெளியாகும் எண்ணை நேரடியாக அதோடு கழிக்க முடியாது; கழித்தால் எதிர்மறையாக வரும், மேலே உள்ள சூத்திரத்தில் அகவிலைப்படி பூஜ்யமாகிவிடும். இணைப்புக் காரணியால் பெருக்கிப் பழைய வரிசைக்குக் கொண்டு வரவேண்டும். இணையத்தில் தேடினால் 2.88 என்று கிடைக்கும். அது அகில இந்தியக் குறியீட்டுக்கு உரியது. ஒவ்வொரு மையத்துக்கும் காரணி வேறு; சென்னைக்கு உரியதைத்தான் எடுக்க வேண்டும். நான் செய்வது, நானாகக் கணக்கிட்ட தொகையைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொண்டு, தொழிலாளர் ஆணையர் அலுவலகம் ஒவ்வொரு ஆண்டும் தொழில்வாரியாக வெளியிடும் அகவிலைப்படித் தொகையைச் சம்பளத்தில் போடுவது. இரண்டும் ஒரு ரூபாய்க்கு மேல் வித்தியாசப்பட்டால் நிறுத்திக் காரணத்தைத் தேடுவேன்.

சூத்திரத்தில் `I2` என்று வருகிறதே, வகுக்கும் எண், அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மாத ஊதியத்தில் இருந்து நாள் ஊதியம் வர 26-ஆல் வகுக்க வேண்டும் என்று குறிப்புகளில் இருக்கும். மாதத்தில் வார விடுமுறை நாட்கள் நான்கைக் கழித்த வேலை நாள் 26 என்பது அதன் கருத்து. ஆனால் நிறைய சம்பள மென்பொருள்கள் 30 என்றே அமைத்து வருகின்றன. 30-ஆல் வகுத்து, வார விடுமுறைக்கும் சம்பளம் கொடுத்தால் பரவாயில்லை, மாதம் முடிந்தால் கணக்கு சரியாகிவிடும். ஒப்பந்தத் தொழிலாளருக்கு அப்படி யார் கொடுக்கிறார்கள்? வந்த நாளுக்கு மட்டும்தான் சம்பளம். அதே 10,000-ஐ எடுங்கள். 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 384.62, 26 நாள் வந்தவருக்கு 10,000. 30-ஆல் வகுத்தால் நாளுக்கு 333.33, 26 நாள் வந்தவருக்கு 8,666.67. ஒரு நாள்கூட லீவு போடாத ஆளுக்கு 1,333 ரூபாய் குறைகிறது. ஒருவர் 22 நாள் வந்தால் 8,461-க்குப் பதில் 7,333. மென்பொருள் வாங்கித் தந்தவரைக் கேட்டால் 'எல்லா கம்பெனிக்கும் இதே செட்டிங்தான் சார்' என்பார். 26 என்பது ஊகமில்லை, அறிவிக்கையில் எழுதியிருப்பது. அதனால்தான் வகுக்கும் எண்ணுக்கு அட்டவணையில் தனி இடம் வைத்தேன். உங்கள் அறிவிக்கையின் குறிப்பில் என்ன எண் இருக்கிறதோ அதைப் போடுங்கள். பைசாவை மேலே தள்ளுங்கள். சாதாரண முறையில் கிட்டிய எண்ணுக்கு உருட்டினால் சில வரிசைகள் குறைந்தபட்சத்துக்கு ஒரு பைசா கீழே போய் நிற்கும்.

மண்டலம். சில அறிவிக்கைகளில் மண்டலமே இல்லை, மாநிலம் முழுக்க ஒரே வீதம். மண்டலம் இருக்கிறவற்றில் உள்ளாட்சி அமைப்பின் வகையை வைத்துப் பிரித்திருப்பார்கள்: மாநகராட்சிகளும் பெரிய நகராட்சிகளும் மேல் மண்டலத்தில், மற்ற நகராட்சிகள் நடுவில், மீதி எல்லா இடமும் கடைசியில் என்கிற மாதிரி. சேலம் மாநகராட்சி, சந்தேகமில்லை. ஏற்காடு மாநகராட்சியும் இல்லை, நகராட்சியும் இல்லை, ஆகவே அந்த மாதிரி அறிவிக்கையில் கடைசி மண்டலத்துக்குப் போகும். மலையில் விலைவாசி கூடுதல், குளிர் என்பதெல்லாம் மண்டலத்தை மாற்றாது. கவனிக்க வேண்டியது, மண்டலம் வேலை நடக்கும் இடத்தைப் பொறுத்தது. அலுவலகம் ஐந்து ரோட்டில் இருப்பதோ, ஆட்கள் டவுனில் இருந்து பஸ்ஸில் மேலே போவதோ கணக்கில் வராது. அதே போல மலையில் இருந்து இறங்கி டவுன் கட்டடத்தில் வேலை செய்கிறவருக்கு டவுன் வீதம். ஏற்காடு ரோட்டில் கோரிமேடு தாண்டி மாநகராட்சி எல்லை எங்கே முடிகிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. தளத்தின் சொத்துவரி ரசீது எந்த அமைப்பின் பெயரில் இருக்கிறது என்று கேட்டு வாங்கிப் பாருங்கள். அறிவிக்கை ஊர்ப் பெயரைச் சொல்லாமல் வகையை மட்டும் சொல்லியிருந்தால், ஊர் தரம் உயரும்போது அதன் வரிசையையும் திரும்பப் பார்க்க வேண்டும். இடங்கணசாலையும் தாரமங்கலமும் 2021-இல் பேரூராட்சியில் இருந்து நகராட்சியானவை. அங்கே தளம் வைத்திருந்த பலர் இன்னும் பழைய மண்டலத்திலேயே போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மற்ற படிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அறிவிக்கையில் இருந்து அட்டவணைக்கு வர வேண்டியது அடிப்படையும் அகவிலைப்படியும்தான். முதலாளி தனியாகக் கொடுக்கும் வீட்டு வாடகைப்படி, பயணப்படி, சாப்பாட்டுக் காசு எல்லாம் வேறு ஷீட். இதில் எது நிச்சயம், எது விவாதத்துக்கு உரியது என்று பிரித்துச் சொல்கிறேன். ஏற்காட்டில் ஆட்களை ஒரு ஷெட்டில் தங்க வைத்து, 'தங்குமிடம் 1,500' என்று சம்பளத்துக்குள் காட்டுவது செல்லாது. தங்குமிடம், விளக்கு, தண்ணீர் ஆகியவற்றின் மதிப்பு ஊதியத்தில் சேராது என்பது பழைய சட்டத்திலும் தெளிவு, புதிய தொகுப்பிலும் தெளிவு. முதலாளி பங்கு பி.எஃப்., பயணப்படி இரண்டும் அப்படியே. ரிசார்ட்டோடு பேசிய 'ஆளுக்கு நாளுக்கு இவ்வளவு, எல்லாம் சேர்த்து' என்ற தொகை உங்கள் முதலாளியின் விலை. அது ஊதியம் ஆகாது. காசாகக் கொடுக்கும் வீட்டு வாடகைப்படி மட்டும் விவாதம். பழைய சட்டத்தின் ஊதிய வரையறைக்குள் அது இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின் வரையறையில் அது வெளியே போய்விட்டது. அதனால் அடிப்படையும் அகவிலைப்படியும் மட்டுமே சேர்ந்து குறைந்தபட்சத்தைத் தொடும்படி அமைத்துவிடுங்கள். மற்ற படிகள் அதற்கு மேலே இருக்கட்டும். பி.எஃப். பிடித்தம் குறையட்டும் என்று குறைந்தபட்ச ஊதியத்தையே நான்கு துண்டாகப் பிரித்துக் காட்டச் சொல்லும் ஆலோசகர்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள்.

புதிய தொகுப்பு வந்ததால் கையில் இருக்கும் பழைய அறிவிக்கை செல்லாதோ என்று பயப்பட வேண்டாம். தொகுப்போடு முரண்படாத அளவுக்குப் பழைய அறிவிக்கைகள் தொடரும் என்று அதிலேயே சொல்லியிருக்கிறது. ஆனால் இனி வரும் அறிவிக்கைகளின் கட்டம் வேறு மாதிரி இருக்கக் கூடும், ஏனென்றால் வேலைக்கு வேண்டிய திறனையும் இடத்தையும் கணக்கில் எடுக்கச் சொல்லித் தொகுப்பு நேராகவே பேசுகிறது. `skill` என்ற தலைப்பைக் காலியாகவாவது வைத்திருக்கச் சொன்னது அதற்காகத்தான். புது வீதம் வந்தாலோ ஏப்ரலில் அகவிலைப்படி மாறினாலோ பழைய வரிசையின் மேல் எழுதாதீர்கள். அதன் `to_date` இல் முந்தைய நாளைப் போட்டு மூடிவிட்டு, கீழே புது வரிசை சேருங்கள். ஊதியக் குறைவுக்கு மனு போட முன்பு ஆறு மாதம்தான் அவகாசம். புதிய தொகுப்பில் மூன்று ஆண்டு. மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமைக்கு என்ன வீதம் என்று கேட்டாலும் அட்டவணை பதில் சொல்ல வேண்டும்.

கடைசியாக அந்த ரிசார்ட்டில் எல்லா வேலையும் பார்க்கிற ஆள். அவர் ஓட்டல் அறிவிக்கையில் வருகிறாரா, வேறு எதிலாவது வருகிறாரா என்பதை அட்டவணையைப் பார்த்துத் தீர்க்க முடியாது. நானும் இங்கே உட்கார்ந்து சொல்லிவிட முடியாது; அங்கே அவர் உண்மையில் செய்கிற வேலையைப் பொறுத்தது. அவர் செய்யும் வேலைகளை ஒரு பக்கத்தில் எழுதி, சேலம் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்துக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வரும்வரை இரண்டு அறிவிக்கைகளில் எது அதிகமோ அந்த வீதத்தைப் போடுங்கள். அவருடைய இணைப்பு வரிசையில் கடிதத்தின் தேதியையும் குறித்து வையுங்கள்.